ஐந்து நிமிட அறிமுகம்

முதலாந் தவணைப் பெற்றோர் கூட்டம் எப்படி நடக்கும் என்று எங்கட பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மங்கள விளக்கு, இறைவணக்கம், அதிபர் உரை. பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கு, மலசலகூடத்துக்குக் கதவு போடுகிற கதை, மதில் கதை. கடைசியாகப் பெற்றோர் தங்கட பிள்ளைகளின் வகுப்பறைக்குப் போய், பிள்ளைகள் இருக்கிற அந்தச் சின்னக் கதிரைகளில் முழங்கால் இடிக்க இருப்பார்கள். வகுப்பாசிரியர் எழும்பி ஐந்து நிமிடம் தன்னை அறிமுகம் செய்வார். "எல்லாருக்கும் வணக்கம். நான் இன்னார். இன்ன கல்லூரியில் பயிற்சி பெற்றேன். பிள்ளைகளை வீட்டிலும் படிக்கப் பண்ணுங்கோ. ஒத்துழைப்புத் தாங்கோ." அவ்வளவுதான். வெளியில் வந்து, "ரீச்சர் என்ன சொன்னவ?" என்று கேட்டால், "ஏதோ சொன்னவ" என்பார்கள்.

இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்களில் ஒருத்திக்குத் துறைமுகப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முதலாம் தரம் கிடைத்தது. வகுப்பில் 27 பிள்ளைகள். கூட்டத்தில் பேசவும் வேண்டும், பள்ளிக்கூடச் செய்தி மடலுக்கு ஒரு பத்தி எழுதிக் கொடுக்கவும் வேண்டும். நாங்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் ஆசிரியர்கள், ஒருத்தர் துறைமுகத்தில் கூலிக்கணக்கு எழுதுகிறவர், மற்றவர்கள் படிக்கிறவர்கள். நாலு பின்னேரம் டச்சுபே கடற்கரையில் கூடியிருந்து, அந்த அறிமுகத்தை வசனம் வசனமாக எழுதினோம்.

முதலில், கேட்கப் போகிறவர்கள் யார் என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டோம். 27 வீடுகள். கடலுக்குப் போகிற வீடுகள் கொஞ்சம். அதிலும் பின்னேரம் போய் விடியப் புறம் திரும்புகிற சின்ன போட் ஒரு வகை, கொட்பே துறையில் இருந்து கிழமைக்கணக்காகப் போகிற பலநாள் போட் இன்னொரு வகை. சீனன்குடா மா ஆலையில் சிஃப்ற் வேலை செய்கிற அப்பாக்கள். துறைமுகத்தில் நாட்கூலி. நாலு வீட்டில் அம்மா மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோட. இந்த ஆட்களுக்கு ரீச்சரிட்டத் தெரிய வேண்டியது மூன்றே மூன்று என்று எங்களுக்குப் பட்டது. இவ எந்த ஊர், எவ்வளவு காலம் இருப்பா? என்ர பிள்ளைக்கு என்ன படிப்பிக்கப் போறா? என்ர பிள்ளையை எப்படி நடத்துவா? சான்றிதழ்கள் இந்த மூன்றில் எதற்கும் பதில் சொல்வதில்லை.

முதலாவது கேள்வி லேசானது போலத் தெரியும். ஆனால் இங்க அதுக்குள்ள ஒரு பயம் இருக்கிறது. ஆசிரியர்கள் நியமனம் கிடைத்து வருவார்கள், இடமாற்றம் கிடைத்துப் போவார்கள். நடுத்தவணையில் ரீச்சர் மாறிப் போய், பிள்ளை ஒரு மாதம் வகுப்பில் சும்மா இருந்த அனுபவம் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் "எந்த ஊர் பிள்ளை?" என்று ஒரு அம்மம்மா கேட்டால், அது ஊர் விசாரிப்பு மட்டுமில்லை. "நீயும் போயிடுவியோ?" என்பதும் சேர்ந்துதான்.

தோழி மட்டக்களப்புப் பக்கம். முதலில் எழுதிய பத்தியில், மட்டக்களப்புத் தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, மூன்றாவது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டுறு பயில்வு செய்தது எல்லாம் விவரமாக இருந்தது. அதில் ஒரு வசனத்தை மட்டும் வைத்தோம். காரணம், அந்த மூன்றாவது வருடம் பெற்றோருக்குப் பிரயோசனமான செய்தி: இவ புத்தகத்தில் மட்டும் படிச்சிட்டு வரேல்லை, ஒரு வருசம் முழுக்கப் பிள்ளைகளோட வகுப்பில் நிண்டவ. மிச்ச இடத்துக்கு, எங்க தங்கியிருக்கிறாள், எந்த பஸ்சில் வருகிறாள், எத்தனை வருடம் இந்த மாவட்டத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைப் போட்டோம். "இந்த வருசம் முடியும் வரை உங்கட பிள்ளைகளோட இருக்கிறது என்ர திட்டம். மாற்றம் வந்தால், அதை முதலில் உங்களுக்குச் சொல்லிப்போட்டு, எந்தப் பிள்ளை எதில் நிற்குது எண்டு அடுத்த ரீச்சருக்கு எழுதிக் குடுத்திட்டுத்தான் போவன்." போகவே மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அது அவளின் கையில் இல்லை என்பது பெற்றோருக்கும் தெரியும். போனால் என்ன செய்வாள் என்பது மட்டும் அவளின் கையில் இருந்தது.

வெளியூர் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எங்களில் ஒருத்தர் சொன்னார். திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்திய சுவாமி விபுலாநந்தரும் காரைதீவில் பிறந்தவர்தான். இங்க வரும்போது அவரும் வந்த ஆள்தான். இதை உரையில் சேர்க்கவில்லை. ஆனால் தோழி கொஞ்சம் நிமிர்ந்து இருந்தாள்.

இரண்டாவது கேள்விதான் எங்களை அதிக நேரம் இருத்தி வைத்தது. முதலாம் தரத்தில் என்ன நடக்கிறது என்பது அரைவாசிப் பெற்றோருக்குப் புதிர். 1990களின் கடைசியில் வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் முதல் ஐந்து வகுப்புகளை மூன்று கட்டமாகப் பிரித்தது. முதலாம், இரண்டாம் தரம் முதற் கட்டம். அதில் விளையாட்டுக்குத்தான் முதலிடம், அதுக்கு அடுத்தது செயற்பாடு, இருந்து எழுதுகிற வேலை கொஞ்சம். மூன்றாம், நாலாம் தரத்தில் மூன்றும் ஏறக்குறையச் சமம். ஐந்தாம் தரத்தில் எழுத்து வேலை கூட. இது எழுதி வைத்த முறை, ரீச்சரின் சோம்பல் இல்லை. ஆனால் வீட்டில் பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? பிள்ளை சிப்பியும் புளியங்கொட்டையும் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வருது. கொப்பி வெறுமையாக இருக்குது. பக்கத்து வீட்டுப் பிள்ளை முன்பள்ளியிலேயே 'அ, ஆ' எழுதினது. உடனே ரியூசன் தேடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையைப் பின்னேரம் ஒரு மண்டபத்தில் கொண்டுபோய் இருத்துவார்கள். புலமைப்பரிசிலுக்கு இப்பவே அத்திவாரம் போட வேணுமாம். இதில் போகிறது மீன் வித்த காசு.

அதனால் "நான் செயற்பாட்டு முறையில் கற்பிக்கிறேன்" என்ற வசனத்தை எடுத்துவிட்டு, காட்டக்கூடிய ஒன்றைத் தேடினோம். தோழி முதலாம் தரத்தில் எழுத்தை 'அ'வில் தொடங்குவதில்லை. ட, ப, ம என்று தொடங்குவாள். 'ட' என்பது கீழே ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. 'ப' என்றால் இன்னொரு கோடு மேலே. 'ம'வில் அதோட ஒரு வளைவு சேரும். 'அ'வில் சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெடுங்கோடு எல்லாம் ஒன்றாக வருது. பென்சிலை இறுக்கிப் பிடிக்கவே பழகாத விரலுக்கு அது பெரிய வேலை. இன்னொரு இலாபம், ட, ப, ம மூன்றோட புள்ளியையும் சேர்த்தால் படம், பட்டம், மடம் என்று சொற்கள் வந்துவிடும். இரண்டாம் மாதமே பிள்ளை ஒரு சொல்லை வாசித்துவிடும். 'அ'வில் தொடங்கிப் பன்னிரண்டு உயிரையும் முடித்தாலும் வாசிக்க ஒரு சொல்லும் பெரிசாகக் கிடைக்காது.

இதைப் பெற்றோருக்கு எப்படி உணர்த்துவது? எல்லாருக்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, எழுதாத கையால் 'அ' எழுதச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. ஆனால் கூலிக்கணக்கு எழுதுகிற அண்ணா உடனே மறித்தார். "அதில எழுதத் தெரியாத அம்மம்மா ஒராள் இருந்தா? எல்லாருக்கும் முன்னால தாளோட முழிக்கிறதோ? அடுத்த கூட்டத்துக்கு அவ வரவே மாட்டா." அவர் சம்பளத் தாளில் பெருவிரல் அடையாளம் வாங்குகிற ஆள், அவருக்குத் தெரியும். அதனால் எழுதுகிறது ரீச்சர், பார்க்கிறது பெற்றோர் என்று மாற்றினோம். அவளே கரும்பலகையில் இடது கையால் பெரிதாக ஒரு 'அ' எழுத வேண்டும். பிறகு அதே கையால் ஒரு 'ட'. பிறகு ஒரு கேள்வி: "எனக்கு இருபத்தாறு வயசு. என்ர இடது கைக்கே இப்படி எண்டால், உங்கட பிள்ளையின்ர கைக்கு?" ஒரு நிமிடம்கூட எடுக்காது.

மூன்றாவது கேள்வி, பிள்ளையை எப்படி நடத்துவா என்பது. இதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை, அனுமதியாகத் தருவார்கள். "ரீச்சர், கண்ணை மட்டும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ." எத்தனை தலைமுறையாகச் சொல்லி வருகிற வசனம். அன்பில்தான் சொல்கிறார்கள், நம்பிக்கையில்தான் சொல்கிறார்கள். ஆனால் கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தது. 2016 இல் இன்னொரு சுற்றறிக்கையும் அதையே திரும்பச் சொன்னது. அது பல இடங்களில் கோப்பில்தான் இருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் எங்களுக்குள் நல்ல வாக்குவாதம். சுற்றறிக்கை இலக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தர். சொன்னால் "சட்டம் கதைக்கிற ரீச்சர்" என்று விலகிவிடுவார்கள் என்று இன்னொருத்தர். அதைவிட, அடிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னால் கண்டிப்பு இல்லாத ரீச்சர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படியென்றால் அடிக்காமல் என்ன செய்வாள் என்பதும் கூடவே வர வேண்டும். கடைசியில் வந்தது இது: "நான் அடிக்க மாட்டன். அது சட்டமும்தான், என்ர முறையும்தான். ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைக்கு அடிச்சால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு என்ர மேசைக்குப் பக்கத்தில இருத்துவன். என்ன நடந்தது எண்டு இரண்டு பேரிட்டயும் கேப்பன். உடைச்சதை ஒட்டப் பண்ணுவன், கொட்டினதைக் கூட்டப் பண்ணுவன். அதே விசயம் மூண்டாம் முறை நடந்தால் உங்களிட்டச் சொல்லுவன். அப்ப நீங்களும் வீட்டில அடிக்காமல், என்னோட கதைக்க வேணும்." கடைசி வசனம் முக்கியம் என்று தோழி பிடிவாதமாக நின்றாள். ரீச்சர் சொன்னதால் வீட்டில் அடி விழுந்தால், அடுத்த முறை சொல்ல அவளுக்கே மனம் வராது. பிள்ளையும் மறைக்கப் பழகிவிடும்.

பிறகு பாசம். முதற் பத்தியில் 'அன்பு' என்ற சொல் நாலு இடத்தில் வந்தது. "உங்கள் பிள்ளைகளை என் பிள்ளைகளாக நேசிப்பேன்" என்றும் இருந்தது. இதை எல்லா ரீச்சரும் சொல்கிறார்கள். அதனால் கேட்கிறவர்களின் காதில் அது வணக்கம் மாதிரித்தான் விழும். பெற்றவர்களுக்குப் பாசம் விளங்குவது நேரத்திலும் வாசலிலும்தான். பின்னேரம் கடலுக்குப் போகிறவர் விடியப் புறம் வந்து, மீனை ஏலத்தில் குடுத்து, வலையைக் காயப் போட்டு முடிக்கக் காலை பத்து மணியாவது ஆகும். அதுக்குப் பிறகு நித்திரை. இரண்டு மணிக் கூட்டத்துக்கு அவர் எப்படி வருவார்? அம்மாக்களுக்கு இன்னொரு தடை. சீலை உடுத்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் பல இடத்தில் இருக்கிறது. நல்ல சீலை இல்லாத நாளில் அவர்கள் வாசலோடு திரும்பிப் போவார்கள்.

தோழி முதலில் அதிபரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினாள். பிறகுதான் இந்த வசனம் உரைக்குள் வந்தது: "முதலாம் தரப் பிள்ளையள் வீட்டுக்குப் போன பிறகும் நான் 1.30 வரை இந்த வகுப்பிலதான் இருப்பன். புதன்கிழமைகளில மட்டும் காலமை இடைவேளைக்கும் வரலாம். மீன் வித்த கையோட, சாரத்தோட வாங்கோ. சீலை வேணும் எண்டு நான் கேக்க மாட்டன்." பலநாள் போட்டில் போகிற அப்பாக்களுக்கும் வெளிநாட்டில் இருக்கிற அம்மாக்களுக்கும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு. தாளில் அனுப்புகிற அறிவித்தல் எதுவானாலும் அதை வாசித்து ஒரு குரல் பதிவாகவும் போடுவாள். எழுத்துத் தெரியாத அம்மம்மாவும் யாரிடமும் கேட்காமல் அதைக் கேட்டுக் கொள்ளலாம். ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு பதில் சொல்ல மாட்டேன் என்பதையும் சேர்க்கச் சொன்னோம். வாக்குக் கொடுத்துவிட்டுக் காப்பாற்ற முடியாமல் போனால், கொடுக்காததை விட மோசம்.

கடைசி அரை நிமிடத்துக்கு ஒரு கேள்வி வைத்தோம். "உங்கட பிள்ளையைப் பற்றி, பாத்த உடன எனக்குத் தெரியாத ஒரு விசயம் சொல்லுங்கோ." இதை எல்லாருக்கும் முன்னால் கேட்பதில்லை. வெளிக்கிடும்போது கதவடியில் ஒவ்வொருத்தராகக் காதில் சொல்லலாம். தோழி கொப்பியில் எழுதிக் கொள்வாள்.

செய்தி மடலுக்கு இவ்வளவும் போகாது, கால் பக்கம்தான் இடம். அங்க இடது கை விளையாட்டைக் காட்டவும் முடியாது. அதனால் மடலில் போனது இதுதான்:

"வணக்கம். முதலாம் தரம் படிப்பிக்க வந்திருக்கிறேன். என் ஊர் மட்டக்களப்புப் பக்கம். பயிற்சியின் கடைசி வருடம் முழுவதும் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் இருந்தேன். முதல் இரண்டு மாதம் உங்கள் பிள்ளையின் கொப்பி வெறுமையாக இருக்கும். பயப்பட வேண்டாம். சிப்பி எண்ணுவதும், களிமண் பிசைவதும், கடை வைத்து விளையாடுவதும் விரலையும் கணக்கையும் பழக்குகிற பாடம். மாசி முடியும்போது 'படம்' என்ற சொல்லைப் பிள்ளை உங்களுக்கு வாசித்துக் காட்டும். காட்டாவிட்டால் என்னை வந்து கேளுங்கள். நான் அடிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் 1.30 வரை வகுப்பில் இருப்பேன். எந்த உடுப்போடும் வரலாம்."

'காட்டாவிட்டால் என்னை வந்து கேளுங்கள்' என்ற வசனம் ஆபத்தானது என்று எங்களில் ஒருத்தர் சொன்னார். 27 பேரும் ஒரே வேகத்தில் படிக்க மாட்டார்கள். அதுக்காகத்தான் அதை வைத்ததாகத் தோழி சொன்னாள். வாசிக்காத பிள்ளையின் வீட்டார் ரியூசனுக்கு ஓட முதல் தன்னிடம் வர வேண்டும். வந்தால்தான் பிள்ளை எந்த எழுத்தில் நிற்குது என்று காட்டலாம்.

கூட்டத்துக்கு 27 வீட்டில் இருந்து 19 பேர் வந்தார்கள். அப்பாக்கள் மூன்று பேர், அதில் ஒருத்தர் சாரத்தோடு. அவருக்கு யார் முன்பே சொன்னார்களோ தெரியாது. கரும்பலகையில் இடது கை 'அ' நண்டு மாதிரி வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். 'ட' நேராக வந்தபோது பின்வரிசையில் இருந்து "ஓம், விளங்குது" என்று ஒரு சத்தம். அடிக்க மாட்டன் என்றபோது ஒருத்தர் தலையை ஆட்டிக்கொண்டு, "என்ர பெடிக்கு அது சரிவராது ரீச்சர்" என்றார். அவர் இன்றைக்கும் அதே கருத்தோடுதான் இருக்கிறார். ஒரு உரையால் மாறுகிற விசயம் இல்லை அது. புலமைப்பரிசில் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். ஐந்தாம் தரத்துக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கு, முதல் பென்சில் பிடிக்கட்டும் என்று சொன்னாள். ஒருத்தர் பிள்ளையை ரியூசனில் இருந்து மறித்தார், மற்றவர் மறிக்கவில்லை.

கதவடியில் கொப்பி நிறைந்தது. 'மகள் இருட்டுக்குப் பயம்.' 'இவன் கோழிக்குப் பெயர் வச்சிருக்கிறான்.' 'அப்பா கடலில போனவர், அதைப் பற்றி இவளிட்டக் கேக்க வேண்டாம்.' ஒரு அம்மம்மா கடைசி ஆளாக நின்று, எல்லாரும் போன பிறகு சொன்னார்: "பேரனுக்கு இடது காது சரியாகக் கேக்காது பிள்ளை. தாய் குவைத்தில. முன்பள்ளியில ஆரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை." அந்தப் பிள்ளை மூன்று கிழமையாகக் கடைசி வரிசையில், வலப்பக்கச் சுவரோடு இருந்தவன். ரீச்சர் நிற்கிற பக்கம் அவனின் கேட்காத காது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, சொல்வழி கேளாத பிள்ளை என்று வகுப்பில் பெயர் வரத் தொடங்கியிருந்த நேரம். அடுத்த நாள் காலை அவனை முன்வரிசையில், இடப்பக்கச் சுவரோடு இருத்தினாள். அம்மம்மாவையும் பேரனையும் ஆஸ்பத்திரி காது கிளினிக்குக்குக் கூட்டிப்போக எங்களில் ஒருத்தர் ஒரு நாள் லீவு போட்டார். கிளினிக் இன்னும் முடியவில்லை, அடுத்த திகதி கொடுத்திருக்கிறார்கள்.

வராத எட்டு வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்காக அதே ஐந்து நிமிடத்தைக் குரல் பதிவாகப் போட்டாள். ஐந்து பேர் கேட்டதாக போன் காட்டியது. மிச்ச மூன்று பேரில் இரண்டு வீட்டில் போன் இல்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் வருகிற சனிக்கிழமை நடந்து போகிறோம், ஒன்று வீரநகர், மற்றது திருக்கடலூர். போகிற நேரத்தைப் போட் வருகிற நேரத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம். கதவடியில் கேட்ட கேள்வியை அங்க வாசலில் கேட்க வேண்டும்.